வைகை எங்கே போயிற்று?

நுழையும்முன்

ஆய்வேடுகள் இன்று அச்சுப்படியாக மட்டுமன்றிப் பி.டி.எஃப். கோப்பாகவும் அளிக்கப்படுகின்றன. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் அவை அவ்வடிவிலேயே சேர்கின்றன. பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரிந்தும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாத ஆய்வேடுகள் உண்டு. அது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வருசநாட்டு ஊர்ப்பெயர்களை ஆராயும் ஆய்வேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் பெயர் அதில் பலமுறை வரும். அந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தால் போதும்.

ஒருங்குறியில் 'வைகை' என்பது வ, ை, க, ை என்னும் நான்கு குறிகளாக, ஒலிக்கும் முறைப்படி சேமிக்கப்படுகிறது. ஐகாரக் குறியை மெய்க்கு இடப்பக்கம் கொண்டுபோய் வரைவது எழுத்துருவின் வேலை. பழைய பாமினி எழுத்துருவோ கண்ணுக்குத் தெரியும் முறைப்படியே இயங்கியது. அதில் முதலில் ஐகாரக் குறியையும் அடுத்து வகரத்தையும் தட்டச்சு செய்வர். கணினி சேமிப்பது `itif` என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையே. பாமினி உள்ள கணினியில் அது வைகை. இல்லாத கணினியில் வெறும் `itif`. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும், பழைய கட்டுரைகளிலிருந்து வெட்டி ஒட்டப்படும் பகுதிகள் வழியே இச்சிக்கல் தொடர்கிறது.

இப்பகுதிக்கு வேறு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. உள்ளிருப்பது தமிழே அன்று. குறியேற்ற மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். அப்போதும் கோப்பு முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றுவது தவறு. மேற்கோளில் உள்ள `it` என்னும் ஆங்கிலச் சொல் 'வை' ஆகிவிடும். பாமினி எழுத்துருவில் அமைந்த பகுதிகளை மட்டும் தேடித் தேர்ந்து மாற்றுதல் வேண்டும்.

வைகை `à®µà¯ˆà®•à¯ˆ` என்று தோன்றினால் அது வேறு நோய். ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகள் பெறும். அவற்றை மேலைக் குறியேற்றமாகக் கருதித் திறந்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். மூலக் கோப்பை யு.டி.எஃப்.-8 எனக் குறிப்பிட்டு மீண்டும் திறந்தால் சரியாகும். சிதைந்ததை அப்படியே சேமித்துவிடுவதுதான் கேடு.

இனி, எழுத்துரு. டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆய்வேடு முழுவதற்கும் அதனைக் குறித்தால், தமிழ் வரும் இடங்களில் மென்பொருள் தானாகவே வேறோர் எழுத்துருவை நாடும். இதுவே மாற்று எழுத்துரு எனப்படும். தலைப்பில் ஒன்று, அடிக்குறிப்பில் மற்றொன்று என அமைந்து வரி உயரம் மாறும். மாற்றும் கிடைக்காவிடில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். லிபர் ஆபிஸ் போன்ற மென்பொருள்களில் மேலைமொழி எழுத்துருவுக்கு ஓர் இடமும், தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துருவுக்கு வேறோர் இடமும் உள்ளன. முன்னதை மட்டும் நிரப்புவதே பெரும்பாலோர் செய்வது. பின்னதில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துரு ஒன்றைப் பத்தி, தலைப்பு, அடிக்குறிப்பு ஆகிய எல்லாப் பாணிகளிலும் குறிக்கவேண்டும். ஏற்றுமதியின்போது பி.டி.எஃப்./ஏ வகையைத் தேர்ந்தால் எழுத்துருக்கள் கோப்பினுள்ளேயே பொதியப்படும்.

விளைவைக் கண்ணால் மட்டும் சோதித்தல் போதாது. இரண்டு கட்டளைகள் உதவும்:

```
pdffonts aayvedu.pdf
pdftotext -enc UTF-8 aayvedu.pdf aayvedu.txt
```

முதல் கட்டளை தரும் பட்டியலில், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவின் நேரே `emb` என்னும் பத்தியில் `yes` இருந்தால் அது பொதியப்பட்டுள்ளது. `uni` பத்தியில் `no` இருந்தால், வரைந்த உருவிலிருந்து எழுத்துக்குத் திரும்பும் அட்டவணை இல்லை என்று ஐயுறலாம்.

இரண்டும் `yes` ஆன பின்னும் ஓர் இடர் எஞ்சலாம். அட்டவணை ஒவ்வோர் உருவையும் தனித்தனியே எழுத்தாக்குகிறது. பக்கத்தில் ஐகாரக் குறி முன்னும் வகரம் பின்னும் நிற்கின்றன. ஆகவே உரைக்கோப்பில் வைகை 'ைவைக' என வெளிவரக்கூடும். பாமினியின் பழைய வரிசையே மீண்டும் தலைகாட்டுகிறது! தேடுவோர் 'வைகை' என்று தட்டுவர். கோப்பில் அச்சொல் இராது. இதனைத் தவிர்க்க, உருக்களோடு மூலச் சொல்லையும் உடன்வைக்கும் வசதி பி.டி.எஃப்.-இல் உண்டு. 'அச்சிடு' வழியே கோப்பு ஆக்கினால் அது தவறிப்போகலாம். 'ஏற்றுமதி' வழியே நல்லது. சீ-லாடெக் பயன்படுத்துவோர் ஆவணத் தொடக்கத்தில் இவ்வரியைச் சேர்ப்பர்:

```
\XeTeXgenerateactualtext=1
```

கற்பவை கற்றபின்

வைகை, கொட்டக்குடி, மேகமலை, போடி ஆகிய பெயர்களைத் தட்டச்சு செய்து, 'அச்சிடு', 'ஏற்றுமதி' ஆகிய இரு வழிகளிலும் பி.டி.எஃப். ஆக்குக. இரண்டிலிருந்தும் படியெடுத்து ஒட்டி, எந்தப் பெயர்கள் உருக்குலைந்தன, அவற்றில் எவ்வுயிர்க்குறிகள் உள்ளன எனப் பட்டியலிடுக.