அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு யார்? – சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று பெறுவது எப்படி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இப்படி ஒரு வீடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்பா இறந்து சில வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசித் தம்பிக்கு 34 வயது, பிறந்ததிலிருந்தே மனவளர்ச்சிக் குறைபாடு. அவரைக் குளிக்க வைப்பது, சாப்பாடு போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் 68 வயது அம்மாதான். "நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன், அப்புறம் நீங்க பாத்துக்கோங்க" என்று அம்மா சொல்லுவார். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது.

இந்த வீட்டில் அந்த அக்கா நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயத்தில் இருந்து தொடங்குவோம். பெற்றோர் தம் பிள்ளைக்குத் தானாகவே பாதுகாவலராக இருப்பது 18 வயது வரைக்கும்தான். அதன் பிறகு, குறைபாடு எவ்வளவு இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் உங்கள் தம்பி வயது வந்த ஒரு மனிதர். அவருக்காகக் கையெழுத்துப் போட அம்மாவுக்கே அதிகாரம் கிடையாது. இத்தனை வருஷம் ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று ஓடியது பழக்கத்தில்தான். வங்கியிலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ கையெழுத்து தேவைப்படும் அன்றைக்குத்தான் இது தெரியவரும்.

இதற்காகவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்குக் கோர்ட்டுக்குப் போகாமல் மாவட்ட அளவிலேயே பாதுகாவலரை நியமிக்க இது வழி செய்கிறது. நியமிப்பது உள்ளூர் அளவிலான குழு. அதில் மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இருப்பார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்கள் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு வழி. கோவில்பட்டிக்காரர்கள் தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

நிலத்தில் இருந்து ஆரம்பிப்போம்

கார்டியன் சான்று எதற்கு என்று யோசிக்கும்போது எல்லோரும் உதவித்தொகையைத்தான் நினைக்கிறார்கள். நம்ம பக்கத்தில் சிக்கல் பெரும்பாலும் நிலத்தில்தான் வெடிக்கிறது.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 4 ஏக்கர் மானாவாரி நிலம் அவர் பெயரிலேயே இருக்கிறது, உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு ஒரு ஏக்கர். நோயோ ஊனமோ இருப்பதைக் காரணம் காட்டி யாருக்கும் பங்கை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே வாரிசுச் சான்றில் தம்பி பெயர் வரும், கூட்டுப் பட்டாவிலும் வர வேண்டும்.

இப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார். "அவனுக்கு எதுக்கு நிலம்? ஒரு விடுதலைப் பத்திரம் போட்டு, கைநாட்டு வாங்கி அண்ணன் பேருக்கு மாத்திருங்க, அண்ணன்தான பாத்துக்கப் போறாரு." கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதனால் தனக்கு என்ன நஷ்டம் என்று புரிந்துகொள்ள முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பத்து வருஷம் கழித்து சோலார் கம்பெனியோ காற்றாலைக்காரரோ அந்த நிலத்தைக் கேட்டு வரும்போது, அவர்களுடைய வக்கீல் வாரிசுச் சான்றைப் பார்ப்பார், தம்பியின் நிலையைக் கேட்பார், அங்கேயே பேச்சு நின்றுவிடும். அதைவிடப் பெரிய சேதம், தம்பி கையில் இருந்த ஒரே சொத்தும் போயிருக்கும். அண்ணன் நாளைக்கு இல்லையென்றால் அண்ணியும் அவர் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பத்திரம் எங்கேயும் சொல்லாது.

அம்மாவின் ஒரு ஏக்கர்தான் இங்கே நீங்கள் திட்டமிடக்கூடிய இடம். அம்மா ஒன்றும் எழுதாமல் இறந்தால் அது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். தம்பிக்கு மொத்தம் சுமார் 1 ஏக்கர் 33 சென்ட் வரும். அம்மா நினைவாக இருக்கும்போதே, இரண்டு சாட்சிகளை வைத்து, தன் பங்கு முழுவதும் தம்பிக்கே என்று உயில் எழுதினால் அது 2 ஏக்கர் ஆகிவிடும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்துவிட்டால் பின்னால் வரும் சந்தேகம் குறையும். உயிலில் அம்மா தன் பங்கைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும், மற்றவர்கள் பங்கில் கை வைக்க முடியாது.

விண்ணப்பமும் விசாரணையும்

பாதுகாவலர் ஆவதற்கு 'படிவம் ஏ'-வில் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம், விதிகள், படிவங்கள் thenationaltrust.gov.in தளத்தில் இருக்கின்றன. பெற்றோர் அல்லது ரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவு உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். அம்மா உயிரோடு இருக்கும்போது அம்மாவே பாதுகாவலர் ஆகலாம், அல்லது அவர் சம்மதத்தோடு உங்களை முன்மொழியலாம். 68 வயதில் அம்மா பெயருக்குச் சான்று வாங்கினால், கொஞ்ச காலத்தில் மறுபடியும் முதலில் இருந்து ஓட வேண்டியிருக்கும். சான்று வாரிசுக்கு இறங்காது, அடுத்தவர் புதிதாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அதனால் அம்மா சம்மதத்தோடு அடுத்த தலைமுறை பெயரிலேயே வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

தம்பியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது குறைபாட்டு சதவீதச் சான்று, வயதுச் சான்று, இருவரின் ஆதார், புகைப்படங்கள், உறவைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். அண்ணனிடம் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள். குடும்பத்துக்குள் தகராறு இருக்கிறதா என்ற சந்தேகம் அதில் தீரும்.

ஒரு விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்பு தேவைப்படுபவர் பெண்ணாக இருந்தால், தனியாக இருக்கும் ஆணைப் பாதுகாவலராக நியமிக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் தம்பிக்குப் பதில் தங்கை என்றால், அண்ணன் தன் மனைவியோடு சேர்ந்துதான் நியமனம் பெற முடியும், அதிலும் முதன்மைப் பாதுகாவலர் அண்ணிதான். கல்யாணம் ஆகாத அண்ணன் மட்டும் இருக்கிற வீட்டில் இது பெரிய தடை. அப்போது சித்தி, அத்தை மகள் என்று வேறு உறவைத் தேட வேண்டும்.

குழு இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடும். இவருக்குப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எந்தக் காரியங்களுக்கு? இங்கே பல விண்ணப்பதாரர்கள் "எல்லாத்துக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். உங்கள் தம்பி கடைக்குப் போய் பத்து ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணத் தெரிந்தவராக இருக்கலாம். எந்தச் சட்டை போடுவது, யார் வீட்டில் தூங்குவது என்று அவரே சொல்லுவார். அதையெல்லாம் உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளச் சான்று தேவையில்லை. வங்கிக் கணக்கு, நிலக் குத்தகை, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எது அவரால் முடியாதோ அதை மட்டும் எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்று 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டமும் சொல்கிறது. விசாரணைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விக்கு அவரே பதில் சொல்ல விடுங்கள்.

சான்று வந்த பிறகுதான் வேலை

சான்று கைக்கு வந்ததும் முதலில் வங்கிக்குப் போங்கள். உள்ளூர் அளவிலான குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம், இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிளையில் "கோர்ட் ஆர்டர் வேணும்" என்று சொன்னால் அந்தச் சுற்றறிக்கையைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து கணக்கு. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் தம்பியின் நிலம், பணம், நகை, கடன், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். தம்பியின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு வருஷத்துக்கு ரூ.4,000 வருகிறது, பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000 வருகிறது என்றால், வருஷ வரவு ரூ.28,000. அரிசி, மாத்திரை, துணி, தூத்துக்குடி போய்வந்த பஸ் செலவு என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள், பில் கிடைத்தால் ஒட்டிவையுங்கள். அவர் பணத்தை உங்கள் கணக்கில் போட்டுக் கலக்காதீர்கள். நேர்மையாகச் செலவு செய்தவர்கள்கூட இந்த ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த நோட்டு உங்களுக்கும் பாதுகாப்பு. பாதுகாவலர் அடிக்கிறார், கவனிக்கவில்லை, சொத்தைச் சாப்பிடுகிறார் என்று பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ புகார் கொடுத்தால், குழு விசாரித்து, காரணம் இருந்தால் நீக்கலாம். நிலத்தை விற்க வேண்டிய நிலை வந்தால், சான்று மட்டும் போதும் என்று நினைத்து அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பைத்தான் இந்தச் சட்டம் பாதுகாவலருக்குக் கொடுக்கிறது, விற்பதற்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. வக்கீலைக் கேட்டு, தேவைப்பட்டால் நீதிமன்ற அனுமதியோடுதான் செய்ய வேண்டும்.

குடும்பத்தில் யாராலும் முடியாத நிலையில், இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனம் பாதுகாவலர் ஆகலாம். எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும் தேசிய அறக்கட்டளைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, சான்றுக்கு ஓடும் நாட்களிலேயே தம்பியை மாதத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டில் தங்க வையுங்கள். வலிப்பு வருமா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, இரவில் எழுந்து நடப்பாரா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார் என்பதெல்லாம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா சொல்லச் சொல்ல அதை போனில் ரெக்கார்டு செய்து, பிறகு எழுதிவையுங்கள். முதல் இரண்டு தடவை தம்பி சாப்பிட மாட்டார், "அம்மாட்ட போணும்" என்று வாசலிலேயே நிற்பார். அம்மா போன் எடுக்கிற தூரத்தில் இருக்கும்போதே அந்த இரவுகளைக் கடந்துவிடுங்கள்.