வாதத்தில் போலிகளை இனங்காணல்

நுழையும்முன்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் நாள்களில் முடிச்சூர், வேளச்சேரி, சைதாப்பேட்டை எனத் தென்சென்னையும் அதன் புறநகரும் நீரில் மூழ்கின. நீர் வடிந்தபின், ‘இது ஏன் நேர்ந்தது?’ என்ற வினா எஞ்சி நின்றது. அவ்வினாவிற்கு விடையாகப் பல கட்டுரைகள் எழுதப்பட்டன. மேடைகளில் வாதங்கள் நிகழ்ந்தன. வாதம் போலவே தோன்றி, நெருங்கிப் பார்க்கையில் வாதமாகாமல் நழுவும் இரண்டு போலிகளை அந்த வெள்ளத்தைக் கொண்டே இப்பாடத்தில் காண்போம்.

போலி என்னும் சொல்

வாதத்தின் குற்றத்தைப் ‘போலி’ என்று வழங்குவது தமிழில் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விளக்கும்போது பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி ஆகியவற்றை வகைப்படுத்திக் கூறுகிறார். பொய் வேறு, போலி வேறு. பொய் இல்லாததைச் சொல்கிறது. போலியோ மெய்யான செய்திகளைக் கொண்டே பொருந்தாத முடிவிற்கு நம்மை அழைத்துச் செல்கிறது. போலியைக் கண்டறிவது கடினமாவது இதனால்தான்.

நாம் காணவிருக்கும் முதற்போலி, பல வழிகள் இருக்க இரண்டே இருப்பதாகக் காட்டுவது. இதனைப் ‘பொய் இருவழி’ எனலாம். இரண்டாவது, எதிராளி கூறியதை விட்டுவிட்டு, அதைப்போல் தோன்றும் வலுவற்ற வேறொன்றை அவர் கூறியதாக நிறுத்தி, அதனை வீழ்த்துவது. ‘வைக்கோல் பொம்மை வாதம்’ என்பது இதன் பெயர். போர்வீரனுக்குப் பதிலாகப் பொம்மையை நிறுத்திக் குத்தினால் வெற்றி எளிது அன்றோ?

ஆய்வுக்குரிய பத்தி

வெள்ளத்தை ஒட்டி எழுந்த வாதங்களின் சாயலில் இப்பாடத்திற்கென எழுதப்பட்ட பத்தி வருமாறு:

“2015ஆம் ஆண்டின் வெள்ளத்திற்குக் காரணம் மழையா, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய மழைக்குப் பின்னும் ஏரியைக் குறைகூறுவது முறையன்று. ஆகவே, வெள்ளம் முழுவதும் இயற்கையின் செயலே. சிலரோ, ஏரியை முன்னரே காலி செய்திருக்க வேண்டும் என்கின்றனர். குடிநீர் ஏரியைக் காலி செய்துவிட்டால் கோடையில் சென்னை மக்கள் எதைக் குடிப்பர்? மக்களின் தாகத்தைப் பற்றிக் கவலையில்லாதவர்களின் வாதம் இது.”

பத்தி சரளமாக ஓடுகிறது. அதிலுள்ள மழையளவும் சரியானதே: டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. பழுது, செய்தியில் இல்லை. செய்திகளை இணைத்த விதத்தில் உள்ளது.

மழையா, ஏரியா?

பத்தியின் முதல் தொடரே வாசகரை இரண்டு கதவுகளுக்கு முன் நிறுத்திவிடுகிறது. ஒன்றை மூடினால் மற்றொன்று தானே திறந்துகொள்ளும். ‘ஏரியன்று, ஆகவே மழை’ என்ற முடிவிற்கு வேறு சான்றே தேவைப்படவில்லை. இத்தகைய வாதம் செல்லுபடியாவதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கூறப்பட்ட இரண்டைத் தவிர வேறு காரணம் இருத்தலாகாது. இரண்டும் ஒருங்கே உண்மையாதலும் ஆகாது. ‘மதகு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?’ என்ற வினா இவ்விரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும். ‘மழையா, ஏரியா?’ என்பது பொருந்துமா? இதற்கு விடை அளவை நூலில் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது.

அடையாறு, தாம்பரத்திற்குத் தென்மேற்கே ஆதனூர்ப் பகுதி ஏரிகளிலிருந்து நீர் பெற்று, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடகிழக்கு நோக்கி ஓடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அதனுடன் கலக்கிறது. அதன்பின் ஆறு விமான நிலையத்தை ஒட்டிச் சென்று, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து கடலை அடைகிறது. அவ்வாறாயின், முடிச்சூர் அந்தக் கலப்பிடத்திற்கு மேலே உள்ள ஊர். செம்பரம்பாக்கத்தின் மதகு வழி வந்த நீர் முடிச்சூரைக் கடந்து செல்வதில்லை. டிசம்பருக்கு முன்பே, 2015 நவம்பர் நடுப்பகுதியிலும் அங்கு வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அவ்வூரின் வெள்ளத்தை விளக்க வேண்டுமெனில், தொடர்மழையில் நிரம்பி வழிந்த சுற்றுப்புற ஏரிகளையும், ஆற்றின் அகலத்தையும், கரையோரத் தாழ்நிலத்தில் எழுந்த மனைகளையும் பார்க்க வேண்டும்.

சைதாப்பேட்டையின் நிலை வேறு. அது கலப்பிடத்திற்குக் கீழே இருப்பதால் மேலிருந்து வந்த ஆற்றுநீரும், டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்ட ஏரிநீரும் சேர்ந்தே அங்கு வந்தன. வேளச்சேரியின் நிலையோ இன்னும் வேறு. அங்கு தேங்கும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குச் செல்ல வேண்டும். சதுப்புநிலம் சுருங்கியதும் வடியும் வழி குறுகியதும் அங்கு முதன்மையான காரணங்கள்.

ஒரே வெள்ளம் என்று நாம் அழைத்ததில் குறைந்தது மூன்று வெள்ளங்கள் இருந்தன. ‘மழையா, ஏரியா?’ என்று கேட்டவர் முடிச்சூரில் மூன்றாவது காரணத்தைத் தவறவிட்டார். சைதாப்பேட்டையில் இரண்டும் சேர்ந்திருந்ததைத் தவறவிட்டார். இரண்டு நிபந்தனைகளும் தகர்ந்தன.

தமிழில் இப்போலிக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ஆ’ என்னும் வினா எழுத்துகளே அது: இதுவா, அதுவா? நம் பட்டிமன்றத் தலைப்புகள் இவ்வடிவில் அமைவதே வழக்கம். பட்டிமன்றத்திற்கு அது பொருந்தும். இரண்டு அணிகள் வேண்டுமே! சமூக அறிவியல் கட்டுரையின் தலைப்பு அவ்வாறு அமையும்போதுதான் எச்சரிக்கை தேவை.

இரண்டே வழிகள் எஞ்சும் நேரமும் உண்டு

இரண்டு வழிகளைக் கூறும் வாதமெல்லாம் போலி என்று கருதிவிடலாகாது. டிசம்பர் 1 இரவில் ஏரி நிரம்பும் நிலையில், நீர்வரத்தும் பெருகிக்கொண்டிருந்தபோது, நீரைத் திறக்காமல் கரைக்கு இடர் வரவிடுவதா, திறந்து கீழுள்ள பகுதிகளுக்கு நீரை அனுப்புவதா என்ற நெருக்கடி மெய்யானதே. அப்போதும் எவ்வளவு திறப்பது என்பது ஆய்வுக்குரியதாகவே இருந்தது. ஆயினும் வழிகள் மிகக் குறுகியிருந்தன என்பதை ஏற்கலாம். போலி எங்கே நுழைகிறது? அந்த இரவின் நெருக்கடியை நவம்பர் மாதத்திற்கும் நீட்டி, ‘வேறு வழியே இருந்ததில்லை’ என்று எழுதும்போது நுழைகிறது. ஆகவே வழிகளை எண்ணுவதோடு, எந்த நாளில் நின்று எண்ணுகிறோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

யார் ‘காலி’ என்றார்?

பத்தியின் பிற்பகுதிக்கு வருவோம். ‘சிலரோ… காலி செய்திருக்க வேண்டும் என்கின்றனர்’ என்னும் தொடரில் நிற்க. யார் அந்தச் சிலர்? அவர்கள் கூறியது என்ன? அன்று முன்வைக்கப்பட்ட விமர்சனத்தின் சாரம் இது: கனமழை வரக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்த நிலையில், நவம்பர் இறுதியிலேயே நீரைப் படிப்படியாக வெளியேற்றி, வரும் மழைக்கு ஏரியில் இடம் உண்டாக்கியிருக்கலாம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. அதில் ஓரிரு அடியைக் குறைப்பது வேறு; ஏரியைக் காலி செய்வது வேறு. ‘குறைத்தல்’ என்ற சொல்லின் இடத்தில் ‘காலி செய்தல்’ என்ற சொல் அமர்ந்த கணத்தில் பொம்மை எழுந்துவிட்டது. அடுத்து வரும் தாகம் பற்றிய வினா அந்தப் பொம்மையைத்தான் வீழ்த்துகிறது. உண்மையான விமர்சனம் தொடப்படாமலே நிற்கிறது. இறுதித் தொடர் இன்னும் ஒருபடி சென்று, எதிராளியின் கருத்தை விட்டு அவருடைய மனத்தையே குற்றம் சாட்டுகிறது. பொம்மை வாதத்தின் பின்னால் இவ்வகைப் பழி அடிக்கடி வருவதைக் காணலாம்.

இதில் இரக்கத்திற்குரியது யாதெனில், பத்தியை எழுதியவரிடம் நல்ல வாதம் ஒன்று இருந்தது. எதிர்பார்த்த மழை பெய்யாமல் போனால், வெளியேற்றிய நீர் கோடையில் கிடைக்காது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டதைச் சென்னை கண்டது. ‘எத்தனை அடி குறைக்கலாம்? அதனால் குடிநீருக்கு நேரும் இடர் எவ்வளவு?’ என்று அவர் கேட்டிருந்தால், எதிராளி விடை கூறியே தீர வேண்டும். பொம்மையைத் தேடிப் போனதால் தம் கையிலிருந்த வாளைக் கீழே போட்டுவிட்டார்.

எதிர்த்தரப்பும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. மழை வழக்கத்திற்கு மாறானது என்று ஒருவர் கூறினால், ‘எவர்மீதும் பொறுப்பில்லை என்கிறார்’ என்று எழுதுவதும் பொம்மைதான். மழை மிகுதி என்பது ஒரு கூற்று. பொறுப்பில்லை என்பது வேறொரு கூற்று.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகள் உள்ளன. பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவும் முறை அது. எதிராளியின் கூற்றை நாம் எழுதிக்காட்டினால், ‘ஆம், நான் கூறியது இதுவே’ என்று அவர் ஒப்புவாரா என்பது பொம்மையைப் பிரித்தறியும் நல்ல உரைகல். எனினும் அவர் உண்மையிலேயே மிகையாகக் கூறியிருந்தால், அதை மறுப்பது போலியாகாது. மூலத்தைப் படிக்காமல் இதை முடிவுசெய்ய இயலாது.

போலியைக் கண்டபின்

ஒரு வாதம் போலி என்று காட்டிவிட்டதால் அதன் முடிவு பொய்யாகிவிடாது. நாம் ஆராய்ந்த பத்தி பழுதானது. ஆயினும் மழை அசாதாரணமானது என்பது மெய். அந்த முடிவிற்கு வேறு சான்றுகள் வேண்டும் என்பதே நாம் நிறுவியது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் திறக்கப்பட்ட முறையைக் குறைகூறியது; அத்துடன் நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் சுட்டியது. ஒரு காரணத்தைத் தேர்ந்து மற்றதைக் கைவிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

கற்பவை கற்றபின்

பின்வரும் பத்தியும் இப்பாடத்திற்கென எழுதப்பட்டதே. இதில் பொய் இருவழி எங்கே உள்ளது, பொம்மை எந்தச் சொல்லில் எழுகிறது எனக் கண்டறிந்து, ஆசிரியரின் கவலையை நேர்மையான வாதமாக மாற்றி எழுதுக.

“பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. இனி நமக்கு வேண்டியது பறவைகளா, வீடுகளா? சதுப்புநிலத்தில் புதிய கட்டடம் கூடாது என்போர், அங்கு வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றச் சொல்கின்றனர். ஏழைகளின் கூரையைப் பிடுங்கிப் பறவைகளுக்குக் கூடு கட்டுவதை யார் ஏற்பர்?”