கந்து வட்டியை கோர்ட் குறைக்குமா?

கமுதியில் ஒருவர் 20,000 ரூபாய் கடன் கேட்கிறார்னு வைங்க. 'பத்து ரூபா வட்டி', அதாவது நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடிச்சுக்கிட்டு கையில் 18,000 தான் தருவாங்க. அடுத்த 11 மாதம் 2,000 வீதம் 22,000 கட்டியாச்சு. ஆனா 'அசல் அப்படியே நிக்குது' என்பார் கடன் கொடுத்தவர்.

தமிழ்நாடு லேவாதேவிச் சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீதம்தான் வட்டி. 18,000-க்கு 11 மாத வட்டி 1,980. அசலோடு சேர்த்தாலும் 19,980 தான். கணக்கு எப்பவோ முடிஞ்சிருச்சு!

கடன் கொடுத்தவர் கேஸ் போட்டால், 1918-ஆம் ஆண்டின் அதீத வட்டிச் சட்டப்படி நீதிபதி பழைய கணக்கைத் திறந்து பார்த்து, அதிக வட்டியை வெட்டலாம். கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தரவும் சொல்லலாம். நீங்க கோர்ட்டுக்கு வராம ஒருதலைப்பட்சமா விசாரணை நடந்தாலும் அந்த அதிகாரம் உண்டு. கேஸுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்: 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி, அரசு நிர்ணயித்த வட்டியோடு பாக்கியைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யக் கேட்கலாம்.

சிக்கல் எங்கே தெரியுமா? புரோநோட்டில் 'பத்து வட்டி'ன்னு யாரும் எழுத மாட்டாங்க. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, பிறகு 40,000-னு நிரப்பி, நியாயமான வட்டி போட்டுடுவாங்க. அதை உடைக்க, மாதாமாதம் கட்டிய பணத்துக்கு ஆதாரம் வேணும். கையில் கொடுக்காம ஜிபேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பினால், அந்த ஸ்டேட்மென்ட்டே சாட்சி.