வறண்ட ஊரில் நீச்சல்குளக் கூரை வியர்ப்பது ஏன்?

கேள்வி: எங்கள் பள்ளி நீச்சல்குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். சுற்றிச் சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்டிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் கூரை சொட்டுகிறது. உள்கூரையைத் தாங்கும் எவர்சில்வர் கம்பிகளில் பழுப்புக் கறை. மழையே அரிதான ஊரில் இத்தனை ஈரம் எங்கிருந்து வருகிறது? கூரை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ச.மு., பந்தல்குடி

பதில்: அன்புள்ள ச.மு., சொட்டுவதை நிறுத்திவிடலாம், கவலை வேண்டாம். ஆனால் கம்பிகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அவற்றைச் சோதித்து முடிக்கும்வரை உள்கூரையின் கீழே பிள்ளைகளை விடாதீர்கள்.

ஈரம் குளத்திலிருந்தே வருகிறது. தண்ணீர் 28 டிகிரி, கூடத்தின் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று கொள்வோம். பிள்ளைகள் நீந்தும்போது உங்கள் குளத்திலிருந்து மணிக்குச் சுமார் 13 லிட்டர் ஆவியாகும்; ஆளில்லாத இரவில் 6 லிட்டர். அந்தக் காற்றின் பனிநிலை (ஆவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பம்) ஏறக்குறைய 21 டிகிரி. மார்கழி இரவில் தகரம் அதற்கும் கீழே குளிர்ந்துவிடும், உடனே வியர்க்கும்.

வெளிக்காற்றை உள்ளே விட்டால் போதாதா என்பீர்கள். கோடைப் பகலில் 38 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று உடம்புக்கு வறட்சியாகத் தெரியும். ஆனால் அதன் ஒரு கிலோவில் 14 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. உங்கள் கூடத்துக் காற்றில் 16 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் இராது. எனவே சுவர்களை மூடியே வைப்பதானால் ஈரம் நீக்கும் இயந்திரம் தேவை. விற்பவர்கள் பெரும்பாலும் 80 சதவீத ஈரப்பதத்தில் எடுக்கும் அளவைச் சொல்வார்கள். 60 சதவீதத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் எடுக்கும் என்று கேட்டு வாங்குங்கள். இரவில் குளத்தை விரிப்பால் மூடினால் சுமை வெகுவாகக் குறையும்.

உலர்ந்த காற்றைத் தண்ணீர் மேல் வீசவிடாதீர்கள்; ஆவி கூடும். கூரை, சன்னல் ஓரமாகத் தவழவிட்டு, குளத்து மட்டத்தில் திரும்ப இழுங்கள். குளோரின் வாடை தேங்குவது அங்கேதான். உள்ளே இழுப்பதைவிட வெளியேற்றுவது சற்று அதிகமாக இருந்தால், ஈரம் பக்கத்து அறைகளுக்கும் சுவர்களுக்கும் போகாது. தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டி, அதன் உட்புறத்தில் ஆவி புகாத தாளை இடைவெளியின்றி ஒட்டுங்கள்.

இனி கம்பிகள். குளோரின் கலந்த ஈரக்காற்று, சுமை தாங்கும் எவர்சில்வரை உள்ளுக்குள் விரிசல்விடச் செய்யும் (தகைவு அரிப்பு). கறை சிறிதாகத் தெரியும்போதே கம்பி அறும் நிலையில் இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் 1985 மே மாதம் இப்படிக் கம்பிகள் அறுந்து, நீச்சல்கூடத்தின் கான்கிரீட் உள்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். 304, 316 என்ற வழக்கமான ரகங்கள் இரண்டும் இந்த வேலைக்கு ஆகா.

கட்டுமானப் பொறியாளரை அழைத்து, உள்கூரையை முழுவதும் கழற்றிவிடச் சொல்லுங்கள். மேலே உள்ள இரும்புச் சட்டங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியட்டும். துத்தநாகப் பூச்சின் மேல் வண்ணம் அடித்து, ஆண்டுதோறும் பாருங்கள். சுவர்களை இடித்துத் திறந்த பந்தலாக்க முடியுமானால், இயந்திரச் செலவும் மிச்சம்.