கொரிய எழுத்தும் பன்மொழிப் புணர்ச்சியும்

2004இல் தென்கொரியாவின் தொழில் அனுமதித் திட்டத்தில் இலங்கை சேர்ந்தது. அங்கே வேலைக்குப் போக விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்காக என் நானாவும் ஹட்டனில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். ஆரம்பச் சோதனைக்கு இரண்டே வாரம் இருந்தது. ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவர் எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது என் வேலை.

எழுத்துகள் ஐந்து நாளில் வந்துவிட்டன. அரசர் செஜோங் 1446இல் வெளியிட்ட அந்த வரிவடிவில் இன்று அடிப்படையாக 14 மெய்களும் 10 உயிர்களும் உள்ளன. நம் ‘ட’ போலிருப்பது அங்கே ‘ந்’. நாநுனி மேலே தொடும் வடிவம் அது. சிறு சதுரம் ‘ம்’.

நானா செய்த பிழை, ஒலிகளைத் தமிழில் குறித்துவைத்தது. நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் அவர் கொப்பியில் ‘தல்’ என்றே இருந்தது! வாயின் முன் மெல்லிய கடதாசியைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தோம். நிலாவுக்கு இலேசாக அசையும். முகமூடிக்கு நன்றாகப் பறக்கும். மகளுக்கு அசையவே கூடாது. அன்றே தமிழ்க் குறிப்புகளை அழித்தார்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான சிக்கல். ‘கொரிய மொழி’ என்பதை ‘ஹன்குக்மல்’ என்று எழுதுகிறார்கள்; காதில் விழுவதோ ‘ஹன்குங்மல்’. நானா கேட்டபடியே ‘ங்’ போட்டு எழுதினார். பிழை. பல் + மொழி பன்மொழி ஆவது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ‘ம’ வந்ததும் முன்னுள்ள மெய் அதன் இனமான மூக்கொலியாகிறது. குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் ஓதியவர்களுக்கும், சுகூன் பெற்ற நூன், பே எழுத்தின் முன் மீமாக ஒலிப்பது தெரியும். வேறுபாடு ஒன்றுதான். தமிழில் மாறிய ஒலியையே எழுதுகிறோம். கொரியத்தில் வாய் மாறும், எழுத்து மாறாது. தஜ்வீதிலும் அப்படித்தானே!

ஆகவே ‘ம’, ‘ந’ ஒலிகளின் முன் மூக்கொலி கேட்டால், அது எழுத்தில் ‘க்’, ‘த்’ அல்லது ‘ப்’ ஆக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ‘நன்றி’ என்பதில் ‘ஹம்நிதா’ என்று கேட்கும், எழுத்தில் ‘ஹப்நிதா’. இன்னொன்று எளிது. நூல் + ஆசிரியர் நூலாசிரியர் ஆவதுபோல், இறுதி மெய் அடுத்த உயிரோடு சேர்ந்தே ஒலிக்கும்.

பதினாறு மட்டும் இருவரையும் திணறடித்தது. சிப் பத்து, யுக் ஆறு. சேர்த்துச் சொன்னால் ‘சிம்ந்யுக்’. இடையில் ஒரு ‘ந்’ தோன்றி, அது ‘ப்’பை ‘ம்’ ஆக்கிவிடுகிறது.

சோதனைக்கு முதல் நாள் இருபது சொற்களில் இரண்டு பிழைத்தன. இரண்டும் ‘ஓ’ போன்ற இரு உயிர்களில். ஒன்றுக்கு உதடு குவியும், மற்றதற்குக் குவியாது. அதற்குப் புணர்ச்சி விதி உதவாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார்.