நன்கொடையாக வந்த லேத் கணக்கில் ஏறும் விதம்

கேள்வி: அமெரிக்காவில் லாப நோக்கமற்ற தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பட்டறை தன் பழைய லேத் இயந்திரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. பணம் எதுவும் கைமாறாதபோது பள்ளி இதை ஏன் வருமானமாகக் காட்ட வேண்டும்? எந்தத் தொகைக்கு?

பதில்: கைம்மாறு இல்லாமலும் நிபந்தனை இல்லாமலும் வரும் நன்கொடை, கிடைத்த காலத்திலேயே வருமானமாகிறது. அமெரிக்க நிதிக் கணக்கியல் தர வாரியம் 1993-ல் வெளியிட்ட 116-ஆம் தரம் இதை நிலைநிறுத்தியது. பணமானாலும் பொருளானாலும் விதி ஒன்றுதான். லேத் வந்ததும் பள்ளியின் சொத்து கூடுகிறது. அதற்கு எதிராகக் கடனோ, திருப்பித் தர வேண்டிய கடமையோ ஏறவில்லை. அப்படிக் கூடிய சொத்துக்கு வருமானத்தைத் தவிர வேறு இடம் கிடையாது. எனவே சாதனக் கணக்கில் பற்று, நன்கொடை வருமானக் கணக்கில் அதே தொகைக்கு வரவு.

தொகையில்தான் தவறுகள் அதிகம். கேள்வியில் உள்ள லேத்தின் புது விலை 40,000 டாலர் என்றும், தேய்மானம் போகப் பட்டறையின் புத்தகத்தில் நிற்பது 3,000 டாலர் என்றும் கொள்ளலாம். இரண்டுமே பள்ளிக்கு உதவாது. முதலாவது வேறொரு பொருளின் விலை. இரண்டாவது பட்டறை செலவைப் பங்கிட்டதில் எஞ்சிய மீதி. பள்ளி பதிய வேண்டியது நியாய மதிப்பை, அதாவது பெற்ற நாளில் இதே நிலையில் உள்ள இந்த இயந்திரத்தை முறையாகச் சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலையை. இதே மாதிரி, இதே வயது லேத்துகளின் சமீபத்திய விற்பனை விலைகளே நல்ல சான்று. அவை 18,000 டாலரைச் சுற்றி இருந்தால் அதுவே வருமானத் தொகை. அந்த விலைகளின் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

நன்கொடையாளர் வரிச்சலுகைக்காகத் தரும் படிவம் 8283-இல் உள்ள தொகையை அப்படியே எடுத்துப் பதியும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதைக் கைவிட வேண்டும். அந்தப் படிவத்தில் பள்ளி இடும் கையொப்பம் பொருளைப் பெற்றதற்கான ஒப்புதல் மட்டுமே. அதில் உள்ள மதிப்பைப் பள்ளி ஏற்றதாகப் பொருள் இல்லை.

லேத்தைத் தளத்தில் நிறுத்தி மின் இணைப்பு கொடுக்கப் பள்ளி 1,500 டாலர் செலவழித்தால், அது சொத்தின் மதிப்பில் சேரும்; வருமானத்தில் சேராது. சொத்து 19,500 டாலர், வருமானம் 18,000 டாலர். பயன்பாட்டுக் காலம் ஆறு ஆண்டுகள், முடிவில் மிச்ச மதிப்பு இல்லை என்றால் ஆண்டுத் தேய்மானம் 3,250 டாலர். நிதியாண்டின் தொடக்கத்திலேயே இயந்திரம் இயங்கத் தொடங்கினால், முதல் ஆண்டில் இந்த லேத்தால் மட்டும் 14,750 டாலர் உபரி தெரியும். அடுத்த ஐந்து ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 3,250 வீதம் மொத்தம் 16,250 டாலர் குறையும். ஆறு ஆண்டையும் கூட்டினால் மிஞ்சுவது 1,500 டாலர் செலவு. பள்ளியின் கையிலிருந்து போன பணமும் அதுவே.

முதல் ஆண்டு உபரி கையில் உள்ள பணம் அல்ல என்பதை நிர்வாகக் குழுவுக்கு எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். அதை நம்பிச் சம்பள உயர்வு அறிவித்தால் கொடுக்கப் பணம் இராது. உபரி பெரிதாகத் தெரிகிறதே என்று வருமானத்தை ஆறு ஆண்டுக்குப் பிரித்துப் போடவும் விதி இடம் தரவில்லை.

நன்கொடையாளர் சொல்லும் சொல்லைப் பொறுத்துச் சில மாற்றங்கள் வரும். ‘ஐந்து ஆண்டுகள் பயிற்சிக்கே பயன்படுத்த வேண்டும்’ என்பது கட்டுப்பாடு. வருமானம் உடனே பதியப்படும். ஆனால் நன்கொடையாளர் கட்டுப்பாடு உள்ள நிகர சொத்தில் நிற்கும். காலம் கழியக் கழிய விடுவிக்கப்படும். கால வரம்பு எதுவும் சொல்லாமல் பயிற்சிக்கென்று மட்டும் கொடுத்திருந்தால், இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்த நாளிலேயே கட்டுப்பாடு தீர்ந்துவிடும். ‘அடுத்த ஆண்டுக்குள் 40 மாணவர்களைச் சேர்க்காவிட்டால் லேத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்பது நிபந்தனை. தாண்ட வேண்டிய இலக்கும் திரும்பப் பெறும் உரிமையும் சேர்ந்திருப்பதால், இலக்கை எட்டும்வரை அந்தத் தொகை வருமானம் ஆகாது, பொறுப்பாகவே நிற்கும்.

பணமல்லாத நன்கொடைகளைச் செயல்பாட்டு அறிக்கையில் தனி வரியில் காட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த திருத்தம் சொல்கிறது. மதிப்பிட்ட முறையும், பொருளைப் பள்ளி பயன்படுத்துகிறதா விற்கிறதா என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். பணப்புழக்க அறிக்கையைப் பார்த்தால் பதிவு சரியா என்று தெரிந்துவிடும். 18,000 டாலர் நன்கொடை வரவாகவும், அதே தொகை சாதனம் வாங்கிய செலவாகவும் அங்கே இருந்தால் அது பிழை. சாதனச் செலவாகத் தெரிய வேண்டியது நிறுவுவதற்குக் கொடுத்த 1,500 டாலர் மட்டுமே. 18,000 டாலர், பணம் சாராத பரிமாற்றமாகத் தனியே குறிப்பிடப்பட வேண்டும்.