மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துவிட்டால் போதுமா?

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை நோயில் விழுந்து மாதக்கணக்கில் பள்ளிக்குப் போக முடியாமல் போனால், பெற்றோருக்குப் பல பக்கங்களிலிருந்தும் ஆறுதல் வரும். “சர்டிபிகேட் இருந்தால் அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார்கள்” என்பார் ஒருவர். “பிரின்சிபலைப் பார்த்து அழுதால் விட்டுவிடுவார்” என்பார் இன்னொருவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிச் சும்மா இருந்த குடும்பங்கள் ஜனவரியில் தவித்து நிற்கின்றன. தமிழ்நாட்டிலுள்ள சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவியை உதாரணமாக வைத்துக்கொண்டு இந்த நம்பிக்கைகளைப் பார்ப்போம். விதி எழுத்தில் தெளிவாக இருப்பதால் சிபிஎஸ்இயை எடுத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு வந்தது காசநோய். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக்கொண்டது. ஜூலை முதல் வாரம் காய்ச்சலில் படுத்தவள் ஆகஸ்ட் கடைசியில்தான் எழுந்தாள். அதில் போனவை 39 பள்ளி நாள்கள். செப்டம்பரில் காசநோய் மாத்திரைகள் கல்லீரலைப் பாதித்தன. இது இந்தச் சிகிச்சையில் சிலருக்கு நேர்வதுதான். எல்லா மருந்தையும் நிறுத்தி, ரத்தப் பரிசோதனை செய்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. அக்டோபர் 10 வரை இன்னும் 19 நாள்கள் போயின. அதற்குப் பிறகு சோர்வு, வாந்தி, மாதாந்திரப் பரிசோதனை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக 10 நாள்கள். ஜனவரி 1 வரை பள்ளி நடந்தது 160 நாள்கள். வராதது 68, வந்தது 92. சதவீதத்தில் 57.5. பொதுத்தேர்வு எழுதத் தேவையானது 75 சதவீதம், அதாவது 120 நாள்கள்.

முதல் நம்பிக்கை, சான்றிதழ் கொடுத்த நாள்கள் வந்த நாள்களாகக் கணக்கில் ஏறிவிடும் என்பது. ஏறாது. மருத்துவ விடுப்பு எடுத்த நாளும் பதிவேட்டில் வராத நாள்தான். அம்மா சான்றிதழ் கொடுத்த பிறகும் மகளின் கணக்கு 57.5இலேயே நிற்கும். சான்றிதழின் வேலை வேறு. இந்தக் குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத விடலாமா என்று முடிவு செய்கிறவர் முன்னால் அது ஆதாரமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த முடிவைச் செய்பவர் பள்ளி முதல்வரும் அல்லர். இரண்டாவது நம்பிக்கை இங்கேதான் தடுக்கி விழுகிறது. முதல்வர் பரிந்துரைக்கிறார். பரிந்துரை வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போகிறது, நமக்கு அது சென்னை. குறைவைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் தேர்வு விதிகளின்படி வாரியத் தலைவருக்கு உரியது. முதல்வர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் தாமாகவே 57.5ஐ 75 ஆக்க முடியாது. “நாலு நாள் சேர்த்துப் போட்டு 60க்குக் கொண்டுவந்துவிடுங்கள்” என்று வகுப்பாசிரியரிடம் கெஞ்சுவது அவரையும் பிள்ளையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும். வகுப்புக்கே வராமல் பெயரளவில் மட்டும் சேர்ந்திருக்கும் மாணவர்களைக் கண்டுபிடிக்க வாரியம் இப்போது பள்ளிகளில் திடீர் ஆய்வு நடத்தி வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறது. உண்மையாகவே நோயுற்ற பிள்ளையின் பதிவேட்டில் ஒரு திருத்தம் தெரிந்தாலும் எல்லாமே பொய்யோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஆகவே குறைவைப் பொறுத்துக்கொள்ளும்படி பெற்றோர் கொடுக்கும் கடிதம் முதல்வருக்கு எழுதப்பட்டாலும், அதைப் படித்து முடிவெடுக்கப்போவது பிள்ளையை ஒருபோதும் பார்த்திராத ஓர் அதிகாரி. இதை மனதில் வைத்தால் கடிதத்தின் தொனியே மாறிவிடும். பெரும்பாலான கடிதங்களில் “என் மகளின் எதிர்காலமே தங்கள் கையில்” என்ற வரி மூன்று முறை வருகிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரவில்லை என்பது ஒரு முறைகூட இல்லை. பெற்றவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதிகாரிக்குத் தேவை தேதிதான். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கடிதத்தின் உடல் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு நுரையீரல் உறையில் காசநோய் என்று ஜூலையில் கண்டறியப்பட்டு, அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்து வருகிறது. இதனால் ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை 39 நாள்களும், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டதால் செப்டம்பரிலிருந்து அக்டோபர் 10 வரை 19 நாள்களும், தொடர் சிகிச்சைக்காகப் பின்னர் 10 நாள்களும் பள்ளிக்கு வர இயலவில்லை. அந்தந்தச் சமயத்தில் கொடுத்த விடுப்புக் கடிதங்கள், அரசு மருத்துவரின் சான்று, பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பள்ளிக்கு வரலாம் என்று மருத்துவர் அளித்த சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். ஜனவரி 1ஆம் தேதிப்படி அவளுடைய வருகை 160 நாள்களில் 92. இந்தக் குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத அனுமதிக்குமாறு வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.”

இதற்கு மேல் ஒரு பத்தி சேர்க்க விரும்பினால், விட்டுப்போன பாடங்களை எப்படிப் படித்தாள், எந்தத் தேர்வுகளை எழுதினாள் என்று சேர்க்கலாம். உண்மையான கடிதத்தில் “முதல் வாரம்”, “இறுதி” என்பதற்குப் பதில் சரியான தேதியே இருக்க வேண்டும். அந்தத் தேதிகளும் சான்றிதழின் தேதிகளும் பதிவேட்டின் தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கடிதம் நாள்கணக்கில் மண்டல அலுவலகத்தில் கிடப்பதும் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்தப் பொருத்தம் இல்லாததால்தான்.

நம் உதாரணத்தில் எந்த நாள்கள் பலவீனமானவை என்று பாருங்கள். 39 நாள்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. 19 நாள்களுக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் இருக்கின்றன. சிதறிக்கிடக்கும் அந்தப் பத்து நாள்களுக்குப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ‘ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியுமே’ என்று லீவு லெட்டர்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டால் தெரியும்: அக்டோபர் 10 அன்று அவள் இழந்திருந்தது 58 நாள்கள். அதன்பின் ஒரு நாளும் தவறாமல் வந்திருந்தால் 102 நாள்கள், 63.75 சதவீதம். 75ஐ எட்ட முடியாது என்பது அன்றே முடிவாகிவிட்டது. அதே சமயம், அவளை 60க்குக் கீழே இறக்கியது அந்தப் பத்து நாள்கள்தான். ஆறு நாளோடு நின்றிருந்தால் 96 நாள்கள், சரியாக 60. மாதாந்திரப் பரிசோதனைக்குப் பள்ளி விடுமுறை நாளில் தேதி கேட்டு வாங்க முடிந்தால் வாங்கிவிட வேண்டும். முடியாத ஒவ்வொரு நாளுக்கும் ஓ.பி. சீட்டை நகலெடுத்து விடுப்புக் கடிதத்தோடு அன்றே கொடுத்துவிட வேண்டும்.

60 என்ற எல்லைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? விதிப்படி, 75இலிருந்து 15 சதவீதம் வரையுள்ள குறைவைத் தலைவர் பொறுத்துக்கொள்ளலாம். நீண்ட நோய், தாய் தந்தையின் மரணம் போன்றவை அதற்கான காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இதைக் கேள்விப்பட்டவர்கள், “60க்குக் கீழே போனால் அடுத்த வருஷம்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் உண்மையல்ல. 60க்குக் கீழே என்றால் வாசல் குறுகுகிறது, மூடிவிடுவதில்லை. புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய் போன்ற கடும் நோய்களும், நீண்ட காலம் மருத்துவமனையில் இருக்க வேண்டிய காயங்களும் விதிவிலக்கான சூழ்நிலைகளாக விதியிலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன.

இங்கேதான் எனக்கு மிகவும் வேதனை தரும் நம்பிக்கை குறுக்கே வருகிறது. “காசநோய் என்று எழுதாதே, நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, கடிதத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்றும் ‘வைரஸ் காய்ச்சல்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். 57.5 சதவீதத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு விதி நேரடியாகக் கைகொடுக்கும் அந்த ஒரே சொல்லை வீட்டாரே அடித்துவிடுகிறார்கள். கடிதத்தில் வைரஸ் காய்ச்சல், இணைப்பில் காசநோய் மருந்துச் சீட்டு என்று முரண்பட்டால் நிலைமை இன்னும் மோசம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியது முதல்வரிடமும் வாரியத்திடமும்தான். வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கடிதத்திலேயே ஒரு வரி கேட்டுக்கொள்ளலாம். உறையிட்டு முதல்வரின் கையில் நேரே கொடுக்கலாம். சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலான காசநோயாளிகள் பிறருக்குத் தொற்றும் நிலையைக் கடந்துவிடுகிறார்கள். ஆறு மாதச் சிகிச்சை என்பதால் ஆறு மாதமும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போது பள்ளிக்குப் போகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிவிட்டால் தேவையில்லாமல் இழக்கும் நாள்கள் குறையும்.

அரசு மருத்துவரின் சான்று எப்படிக் கிடைக்கும் என்று தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. காசநோயாளி ஒவ்வொருவரையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். அந்தப் பதிவு ‘நிக்ஷய்’ என்ற அரசுத் தளத்தில் ஏறி, நோயாளிக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அரசு மருத்துவமனைக் காசநோய்ப் பிரிவில் ஆவணங்களைக் காட்டிச் சான்று கேட்கலாம்.

கடைசியாக, காலம். “ஹால் டிக்கெட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பதும், “ஜனவரியில் தினமும் போனால் சரியாகிவிடும்” என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். அண்மை ஆண்டுகளில் வாரியம் பள்ளிகளுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளின்படி, வருகை ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி கணக்கிடப்படுகிறது. குறைவுள்ளவர்களின் விண்ணப்பங்கள் ஜனவரி 7க்குள் மண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி 2 முதல் போகும் நாள்கள் படிப்புக்கு உதவும், இந்தக் கணக்குக்கு உதவாது. தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்குவதால் தாமதமாக வரும் விண்ணப்பத்தைத் திருத்தி வாங்க அவகாசமும் கிடையாது. நம் மாணவியின் அம்மா அக்டோபர் பாதியிலேயே கணக்கை அறிந்துவிட்டார். அப்போதே முதல்வரைப் பார்த்து, மகளின் நிலையைச் சொல்லி, கோப்பைத் தொடங்கச் சொல்லியிருக்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் அரையாண்டு விடுமுறை வந்துவிடும். பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். ஆகவே எண்ணிக்கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்பே கொடுத்துவிட்டு, ஜனவரி 2 அன்று அந்த ஓர் எண்ணை மட்டும் நிரப்புவதுபோல வைத்துக்கொள்வது நல்லது.

கடிதத்தைக் கொடுக்கும்போது ஒரு நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பரிந்துரைக்க விருப்பமில்லை என்று முதல்வர் சொன்னாலும், 60க்கும் 75க்கும் இடைப்பட்ட விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே வைத்துக்கொள்ள முடியாது. பரிந்துரையோடோ, பரிந்துரைக்காததற்கான காரணத்தோடோ வாரியத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது விதி. அனுப்பிய தேதியை முத்திரையிட்ட அந்த நகலின் ஓரத்தில் குறித்துத் தரும்படி அலுவலகத்தில் கேளுங்கள்.